"ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்காரே சார்!"



போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை ஒரு கம்பெனியின் கடன் பத்திரத்தில் போடலாமா என்று யோசிக்கிறான். ஆண்டறிக்கையையும் அனுப்பிவிட்டு, "ஆடிட்டர் சுத்தமா கையெழுத்துப் போட்டிருக்காரே சார், பயமில்லையே?" என்றான். பிளஸ் டூவில் தணிக்கை பாடத்தை என்னிடம்தான் படித்தான். அதனால் இந்தக் கேள்விக்கு நானும் பொறுப்பு.

ஆடிட்டர் எழுதியதை வரிவரியாகப் படியுங்கள். "கணக்குகள் சரி" என்று அவர் எங்கும் சொல்வதில்லை. எங்கள் கருத்தில், இந்தக் கணக்குகள் மார்ச் 31 அன்று கம்பெனி இருந்த நிலையைப் பற்றி உண்மையும் நியாயமுமான தோற்றத்தைத் தருகின்றன என்கிறார். இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை "கருத்து". கொஞ்சம் கீழே, தாங்கள் தருவது நியாயமான அளவு உறுதிதான், பெரிய தவறு இருந்தால் அது எப்போதும் கண்ணில் பட்டுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை. எல்லா ரசீதையும் அவர் பார்ப்பதும் இல்லை. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்க்கிறார். படிப்பவரின் முடிவை மாற்றாத சின்னப் பிழைகளை விட்டுவிடுகிறார்.

1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில் நீதிபதி சொன்னதை நினைவிருக்கிறதா? ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. பரீட்சையில் எல்லோரும் எழுதி மார்க் வாங்கினீர்கள். ஆனால் காவல் நாய் தூங்கினால் என்ன ஆகும் என்று நான் வகுப்பில் சொல்லித்தரவில்லை. அதை நம் எல்லோருக்கும் காட்டியது சத்யம்.

2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். இத்தனை வருடமும் அந்தக் கணக்குகளுக்குச் சுத்தமான கருத்து தந்தவர்கள் பிரைஸ் வாட்டர்ஹவுஸ். கடிதம் வெளியான ஒரே வாரத்தில், எங்கள் பழைய கருத்துகளை இனி நம்ப வேண்டாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

சரக்கு இருப்பை மதிப்பிடுவதுதான் கஷ்டம். வங்கியில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஆடிட்டர் நேரே வங்கிக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், பதிலும் வங்கியிலிருந்து நேரே ஆடிட்டர் கைக்கு வர வேண்டும். நடுவில் கம்பெனிக்காரர் கை படக் கூடாது. சத்யத்தில் அந்தக் கடிதங்களை அனுப்புவதையும் பதிலை வாங்குவதையும் கம்பெனி நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-ல் சொல்லி அபராதம் போட்டது. திருட்டுச் சந்தேகம் உள்ளவனிடமே சாவியைக் கொடுத்துப் பெட்டியை எண்ணி வரச் சொன்ன மாதிரி! அறிக்கையைப் படிக்கிற நமக்கு இது எதுவும் தெரிய வழியில்லை. ஒழுங்காகச் செய்த தணிக்கைக்கும் இப்படிச் செய்ததற்கும் கடைசியில் வருவது ஒரே மாதிரி வாசகம்தான்.

அதற்காக ஆடிட்டர் அறிக்கையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. குறை சொல்லும்போது அது விலை மதிப்பற்றது. "இதைத் தவிர" என்று தொடங்கி ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லியிருந்தால் உட்கார்ந்து படியுங்கள். நியாயமான தோற்றம் தரவில்லை என்றோ, கருத்தே சொல்ல முடியவில்லை என்றோ இருந்தால் பணத்தோடு எழுந்துவிடுங்கள். தொழில் தொடர்ந்து நடக்குமா என்று பெரிய சந்தேகம் இருந்தால் அதையும் தனித் தலைப்பில் எழுதுவார்கள். அப்படி எழுதவில்லை என்பதால் கம்பெனி நிலைத்திருக்கும் என்று அர்த்தமாகாது.

இனி என் மாணவன் அனுப்பிய அறிக்கைக்கு வருகிறேன். கருத்து சுத்தம்தான். ஆனால் அதன் பின்னால் இணைப்பு என்று சில பக்கங்கள் வரும். நம் நாட்டுச் சட்டப்படி, வங்கிக் கடனைத் தவணைப்படி கட்டினார்களா, தகராறு இல்லாத வரி, பி.எஃப். பாக்கி ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிறதா என்றெல்லாம் ஆடிட்டர் அதில் பதில் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு அட்டவணை இருந்தது. இரண்டு வங்கித் தவணைகள், ஒன்று 47 நாள் தாமதம், இன்னொன்று 62 நாள். மறைக்கவில்லை, கணக்கிலும் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கருத்தும் சுத்தம். கடனைத் திருப்பித் தர இவர்களால் முடியுமா என்பது ஆடிட்டரிடம் கேட்ட கேள்வியே அல்ல.

பக்க எண்ணைச் சொன்னேன். புரட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "மார்ச் வரைக்கும்தானே சார் இது? அதுக்கப்புறம் கட்டினாங்களான்னு எங்க பார்க்கிறது?" என்றான். வகுப்பில் ஒருநாள்கூட கேள்வி கேட்காத பையன். ரேட்டிங் நிறுவனத்தின் கடைசி அறிக்கையையும், பங்குச் சந்தைக்குக் கம்பெனி கொடுத்த அறிவிப்புகளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான்.