வாணலியில் மிஞ்சிய எண்ணெய்

ஈப்போவின் புந்தோங் பகுதி கச்சாங் பூத்தேக்குப் பெயர் பெற்றது. முறுக்கு, ஓமப்பொடி, மசாலைக் கடலை எனப் பலவகை நொறுக்குத் தீனிகளை அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து விற்று வருகின்றன. இத்தொழிலில் மாவும் உப்பும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எண்ணெய் கெட்டிருந்தால், முறுக்கு மொறுமொறுப்பாக இருந்தாலும் இரண்டு நாளில் காறல் வாடை வீசத் தொடங்கிவிடும். வாடை வீசும் பொட்டலத்தை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். விற்பவருக்கு இந்த அச்சம் உண்டு. வீட்டுச் சமையலறையிலோ அப்படிக் கண்டிப்பவர் யாருமில்லை. வாணலியில் மிஞ்சிய எண்ணெய் மூடியிட்டு அடுப்பின் ஓரத்திலேயே வைக்கப்படுகிறது; மறுநாள் மீண்டும் காய்கிறது.

இந்தப் பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள் குறைந்த கூலியில் பெரிய குடும்பங்களைக் காத்தவர்கள். அவர்களுக்கு எண்ணெய் அரும்பொருள். பலகாரம் சுட்ட எண்ணெயைக் கொட்டுவது பாவம் என்றே அவர்கள் கருதினர். அந்தச் சிக்கனம் மதிக்கத்தக்கது. ஆனால், அந்நாளில் பலகாரம் சுடுவது பண்டிகைக்கு ஒருமுறைதான். மிஞ்சிய எண்ணெய் தாளிப்பதற்கும் பொரியலுக்கும் கரண்டி கரண்டியாகச் செலவாகிச் சில நாள்களில் தீர்ந்துவிடும். இன்று பல வீடுகளில் வாரத்தில் பல நாள்கள் கோழியும் மீனும் பொரிக்கப்படுகின்றன. பழைய சிக்கனத்தில் ‘கொட்டாதே’ என்ற பாதி மட்டும் தங்கிவிட்டது. ‘விரைவில் தீர்த்துவிடு’ என்ற மறுபாதி மறைந்துவிட்டது.

ஒரே எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று பலர் கேட்கின்றனர். இரண்டு முறை என்பார் சிலர். மூன்று முறை என்பார் வேறு சிலர். உண்மையில், எண்ணிக்கை மட்டும் நல்ல அளவுகோல் ஆகாது. பத்து நிமிடம் அப்பளம் பொரித்த எண்ணெயும் இரண்டு மணி நேரம் மசாலை தடவிய மீன் பொரித்த எண்ணெயும் ‘ஒருமுறை’ பயன்படுத்தியவைதாம். ஆயினும், அவை இரண்டும் ஒரே நிலையில் இருப்பதில்லை. எண்ணெய்க்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்தால்தான் எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் விளங்கும்.

பொரிப்பதற்கு எண்ணெய் ஏறக்குறைய 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலோர் பயன்படுத்தும் சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெய், புதிதாக இருக்கும்போது 220 பாகையைத் தாண்டிய பிறகுதான் புகையத் தொடங்கும். ஆகவே, பொரிக்கும் சூட்டிற்கும் புகையும் சூட்டிற்கும் இடையே போதிய இடைவெளி உண்டு. பழைய எண்ணெயில் குறைவது இந்த இடைவெளிதான். வடை மாவிலும் மீனிலும் உள்ள நீர் கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து அதன் கொழுப்பை உடைக்கிறது. அதனால் தனித்த கொழுப்பு அமிலங்கள் பெருகுகின்றன. அவை பெருகப் பெருக எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகைகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்கிக் காறல் வாடையை உண்டாக்கும் பொருள்களைத் தோற்றுவிக்கிறது. மேலும், உடைந்த துகள்கள் ஒன்றோடொன்று இணைவதால் எண்ணெய் தடித்துப் பிசுபிசுக்கிறது. வாணலியின் விளிம்பில் கோந்துபோல் ஒட்டிக்கொண்டு, தேய்த்தாலும் போகாத பழுப்புப் படலம் அப்படி உருவானதே.

அடுப்பில் ஏறாத எண்ணெயும் கெடுவதுண்டு. ஒளி, வெப்பம், காற்று ஆகிய மூன்றும் அதற்குப் போதும். மெல்லிய பொட்டலத்தில் வரும் எண்ணெயைப் பிரித்து, சன்னலோரத்திலோ அடுப்பருகிலோ திறந்த பாத்திரத்தில் வைத்தால் நாளடைவில் காறிவிடும். நாள்பட்ட வேர்க்கடலையை வாயில் போட்டதும் எழும் அதே கசந்த வாடைதான் அது. இஞ்சித் துண்டையோ புளியையோ போட்டுக் காய்ச்சினால் வாடை போய்விடும் என்று சிலர் நம்புகின்றனர். அவ்வாறு செய்வது வாடையைச் சற்று மறைக்கலாம். கெட்டுப்போன எண்ணெயை மீண்டும் நல்ல எண்ணெயாக்காது.

கெட்ட எண்ணெயால் உடலுக்கு என்ன கேடு? இக்கேள்வியை மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுப்பினர். 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆய்வில், செம்பனை எண்ணெயிலும் சோயா எண்ணெயிலும் உணவைப் பொரித்து, ஐந்து முறையும் பத்து முறையும் சூடேற்றிய எண்ணெயை உணவில் கலந்து எலிகளுக்கு ஆறு மாதம் கொடுத்தனர். மீண்டும் மீண்டும் சூடேற்றிய எண்ணெயை உண்ட எலிகளின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. இரத்தக் குழாய்கள் தளரும் தன்மையும் குறைந்தது. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று கூற இயலாது. அந்த எலிகள் நாள்தோறும் பெருமளவில் அவ்வெண்ணெயை உண்டன என்பதையும் மறக்கலாகாது. எனவே, என்றோ ஒருநாள் உண்ட வடைக்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அதே எண்ணெய் நாள்தோறும் உணவில் சேரும் வீட்டுக்கு இவ்வாய்வு தெளிவான எச்சரிக்கையாகும்.

செம்பனை எண்ணெய் சூட்டைத் தாங்கக்கூடியது. ஆகவே, எத்தனை முறையும் காய்ச்சலாம் என்று வாதிடுவோரும் உளர். இவ்வாதத்தின் முதற்பகுதி சரியே. சோயா எண்ணெயைக் காட்டிலும் செம்பனை எண்ணெய் மெதுவாகத்தான் கெடும். ஆயினும், மெதுவாகக் கெடுவது வேறு, கெடாமலே இருப்பது வேறு. மேற்கண்ட ஆய்விலும் செம்பனை எண்ணெய்க்கு விதிவிலக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் இதற்கு ஓர் அளவை வகுத்துள்ளனர். எண்ணெய் சிதைவதால் தோன்றும் பொருள்களை ஒட்டுமொத்தமாக அளந்து, அவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வெண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி 2018 ஜூலை முதல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் நடப்பில் உள்ளது. கையடக்கக் கருவியைச் சூடான எண்ணெயில் நனைத்து இவ்வளவை அறியலாம். வீடுகளில் அக்கருவி இருப்பதில்லை. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. கண்ணும் மூக்கும் விரலும் ஓரளவு அப்பணியைச் செய்யும்.

முதலில் கவனிக்க வேண்டியது புகை. முதல் வடையைப் போடுமுன்பே மெல்லிய புகை எழுந்தால் முன்பு சொன்ன இடைவெளி மிகவும் குறுகிவிட்டது என்று பொருள். அடுத்தது நுரை. ஈர மாவைப் போட்டதும் பெரிய குமிழ்கள் எழுந்து, நீர் வற்றியதும் அடங்குவது இயல்பு. சோப்பு நுரைபோல் சிறுசிறு குமிழ்கள் மேலெழுந்து, பலகாரத்தை எடுத்த பின்னும் அடங்காதிருப்பது இயல்பன்று. மூன்றாவது பிசுபிசுப்பு. ஆறிய எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்தால் புதிய எண்ணெய் வழுக்கும், பழையது ஒட்டும். நான்காவது வாடை. இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்தால், கைச்சூட்டில் காறல் வெளிப்படும். இந்நான்கில் ஒன்று தென்பட்டாலும் அவ்வெண்ணெயைக் கைவிடுவதே முறை. நிறத்தை மட்டும் நம்புவது சரியாகாது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் நல்ல எண்ணெயையும் சிவக்கச் செய்யும். வெளுத்துத் தெரியும் எண்ணெயும் காறியிருக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு குடும்பம் தீபாவளிக்காக ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் இரண்டை வாங்குகிறது. அரசாங்க உதவித்தொகை பெற்ற பொட்டலம் ஒன்றின் விலை 2 ரிங்கிட் 50 சென். முதல் நாள் முறுக்கு சுட்டபின் ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய் மிஞ்சுகிறது. அதை உடனே ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மூடி, இருட்டான அலமாரியில் வைத்தால் மறுநாள் வடைக்கு அது நன்றாகவே உதவும். இரும்பு வாணலியிலேயே விட்டுவைத்தால் இரும்பும் அடியில் தங்கிய கருகிய துகள்களும் சிதைவை விரைவுபடுத்தும். வடை சுட்டபின் அரைக் கிலோ மிஞ்சுகிறது. மூன்றாம் நாள் அதில் மீன் பொரிக்கிறார்கள். இப்போது எண்ணெய் நுரைக்கிறது, மீன்வாடையும் ஏறிவிட்டது. எஞ்சியிருப்பது முந்நூறு கிராம். அதன் மதிப்பு 75 சென். அந்த 75 சென்னைக் காப்பாற்ற, அவ்வெண்ணெயின் மேல் புதிய பொட்டலத்தைப் பிரித்து ஊற்றினால் இழப்புதான் மிகும். பழைய எண்ணெயில் தோன்றிய பொருள்கள் புதிய எண்ணெயையும் விரைவில் கெடுத்துவிடும். மேலும், தடித்த எண்ணெய் பலகாரத்திலிருந்து எளிதில் வடியாமல் அதிலேயே தங்குவதால், எண்ணெய்ச் செலவும் கூடும்.

நாள்தோறும் வடையும் வாழைப்பழப் பலகாரமும் சுடும் சிறு அங்காடிக்காரரின் நிலை வேறு என்பதை மறுப்பதற்கில்லை. அவருடைய வாணலியில் பல கிலோ எண்ணெய் இருக்கும். அதை மாற்றுவது அன்றைய இலாபத்தைத் தொடும் செலவாகும். இருப்பினும், எண்ணெயின் ஆயுளை நீட்டும் வழிகள் அவர் கையிலேயே உள்ளன. கூட்டம் குறைந்த வேளையில் எண்ணெயைக் கொதிக்க விடாமல் தீயை அணைத்துவிடலாம். மிதக்கும் துகள்களை ஒவ்வோர் ஈட்டுக்கும் அரித்தெடுக்கலாம். வாணலிக்கு மேலே உப்புத் தூவுவதைத் தவிர்க்கலாம். விற்பனைக்கு ஏற்ற சிறிய வாணலியைப் பயன்படுத்தினால், எண்ணெய் கெடுமுன்பே பெரும்பகுதி பலகாரத்தோடு செலவாகிவிடும். இவை ஆயுளை நீட்டுமேயன்றி, கெட்ட எண்ணெயை மீட்கா. புகையும் நுரையும் வந்துவிட்டால் அவரும் மாற்றியே ஆகவேண்டும்.

கைவிட்ட எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றுவதும் தவறாகும். அது குழாயில் உறைந்து அடைப்பை உண்டாக்கும். போத்தலில் சேர்த்து வைத்தால் அதைக் கிலோ கணக்கில் விலைக்கு வாங்குவோர் உள்ளனர்; அது உயிரி டீசலாக மாறி வாகனங்களை ஓட்டுகிறது. ஆகவே, பழைய எண்ணெயைக் கைவிடுவது வீணாக்குவதாகாது. லயத்து வீட்டுப் பாட்டிமார் எண்ணெயை வீணாக்கக் கூடாது என்று கற்பித்தனர். அவ்வெண்ணெய் உணவுக்கு ஏற்றதா, வாகனத்திற்கு ஏற்றதா எனப் பிரித்தறிந்து பயன்படுத்தினால் அவர்களின் சொல்லும் காக்கப்படும். உண்போர் உடலும் காக்கப்படும்.