எழ முடியாத பசுவுக்கு மணல் மெத்தை

கோலா கங்சார் வட்டாரத் தோட்டப்புறங்களில் ஓரிரு மாடு வளர்ப்பவர்கள் அஞ்சுவது கன்று ஈன்ற மறுநாள் காலையைத்தான். முதல் நாள் நடந்த பசு, இன்று படுத்தபடி எழ மறுக்கும்.

மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட பசு என்று வைத்துக்கொள்வோம். காதுகள் குளிர்ந்து, மூக்கு காய்ந்து, கழுத்தை வளைத்துப் படுத்திருந்தால், பெரும்பாலும் அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. சீம்பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து திடீரென இறங்குவதால் தசைகள் தளர்கின்றன. கால்நடை மருத்துவர் ரத்தக் குழாயில் மெதுவாகச் சுண்ணாம்புச் சத்து மருந்து ஏற்றினால் பல பசுக்கள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். அதனால் நாமே ஊசி போடக்கூடாது. கன்று ஈனும்போது இடுப்பு நரம்பு நசுங்குவது, வழுக்கி விழுந்து எலும்பு முறிவது போன்றவையும் காரணமாகலாம்.

மருந்துக்குப் பிறகும் எழாவிட்டால், படுக்கையே இரண்டாவது நோயாகியிருக்கும். ஐந்நூறு கிலோ எடை ஒரு பக்கத் தொடையை அழுத்தும்போது ரத்த ஓட்டம் தடைபட்டு, தசையும் நரம்பும் சிதையும். 1982இல் அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வாளர்கள், மயக்க மருந்து கொடுத்த பசுக்களை ஒரு பின்னங்கால் அடியில் மடங்கும்படி 6 முதல் 12 மணி நேரம் கிடத்தினர். நோயே இல்லாத அந்தப் பசுக்களில் பலவற்றால் பிறகு எழ முடியவில்லை. கோப்பி நிறச் சிறுநீர், தசை சிதைவதற்கான அடையாளம்.

எனவே மருத்துவரை அழைத்த கையோடு பசுவைச் சிமெண்ட் தரையிலிருந்து மாற்றுங்கள். காலைப் பிடித்து இழுக்காமல், தடித்த கித்தான் மேல் உருட்டி இழுக்க வேண்டும். படுக்கை, குறைந்தது ஒரு முழங்கை ஆழத்துக்கு மணல். மரத்தூள் மட்டும் போட்டால் விலகி, தரை தட்டும். நனைந்ததை அள்ளிவிட்டு, புது மணல் கொட்டுங்கள்.

பக்கவாட்டில் மல்லாந்தால் வயிறு உப்பும். நெஞ்சை ஊன்றி நிமிர்ந்திருக்க, சாக்கில் மணல் கட்டி அண்டை கொடுங்கள். 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் திருப்ப வேண்டும். அடியில் மடங்கிய பின்னங்காலை ஒருவர் வெளியே இழுக்க, இன்னொருவர் இடுப்பை மறுபக்கம் தள்ளினால் போதும். தண்ணீரும் புல்லும் வாய்க்கு எட்டட்டும்.

தூக்குவது கடைசியாக. இடுப்பில் மாட்டும் இரும்புக் கவ்வியைச் சாக்கால் சுற்றி, நெஞ்சுக்கும் அகலப் பட்டை கொடுத்துத் தூக்குங்கள். பசு கால் ஊன்றினால் சில நிமிடம் தாங்கிப் பிடிக்கலாம். ஊன்றாமல் தொங்கினால் உடனே இறக்குங்கள். தொங்கவிட்டே வைத்தால் இடுப்புத் தசை மேலும் கிழியும்.

பசு தின்று, அசை போட்டு, எழ முயன்றால் நம்பிக்கை உண்டு. தீனியை மறுத்து, புண் பரவி, நாளுக்கு நாள் சோர்ந்தால், வலியை நீட்டாமல் இருப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.