மேக்கப் உங்களுடையது... போட்டோ யாருடையது?

“அக்கா, என் கையால போட்ட மேக்கப். மூணு மணி நேரம் நின்னு பண்ணது. அந்த போட்டோவை என் பக்கத்துல போட்டா திருட்டுன்னு சொல்றாங்க. இது என்னக்கா நியாயம்?”

கள்ளக்குறிச்சியிலிருந்து போனில் பேசிய தங்கைக்குக் குரல் கம்மியிருந்தது. இரண்டு நாற்காலி போட்ட சின்ன பார்லர் அவளுடையது. சங்கராபுரம், கச்சிராயபாளையம், சின்னசேலம் பக்கமிருந்து மணப்பெண்கள் வருவார்கள். முகூர்த்த நாட்களில் விடியற்காலையில் கிளம்பி, கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை வரை போய் அலங்காரம் செய்துவிட்டு வருவாள். வாசலில் உள்ள போர்டைப் பார்த்து வருகிறவர்களைவிட, இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து வருகிறவர்கள்தான் அதிகம்.

அந்தப் பக்கத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு அடி. ஒரு மணப்பெண்ணின் படம், கல்யாண போட்டோகிராபர் கொடுத்த புகாரால் நீக்கப்பட்டுவிட்டது. சினிமாப் பாட்டு சேர்த்துப் போட்ட ஒரு ரீல்ஸ் ஊமையாகிவிட்டது. புகார்கள் சேர்ந்துகொண்டே போனால் கணக்கையே முடக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, பயந்துவிட்டாள். சொன்னவர் சொன்னது உண்மைதான். அடுத்த மூன்று மாத முகூர்த்த புக்கிங் முழுக்க அந்தப் பக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் போட்டோ விஷயத்துக்கு வருவோம்.

மேக்கப் போட்டவர் அவள். முகம் மணப்பெண்ணுடையது. ஆனால் பதிப்புரிமை என்பது படத்துக்கு உரியது. நம் நாட்டின் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, போட்டோவை எடுத்தவர்தான் பொதுவாக அதன் முதல் உரிமையாளர். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. ‘க்ளிக்’ செய்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு திருப்பம் உண்டு. ஒருவர் பணம் கொடுத்து, தனக்காக எடுக்கச் சொல்லி எடுத்த போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். சட்டத்தின் 17-வது பிரிவு இதைச் சொல்கிறது. அதாவது, பெண் வீட்டார் காசு கொடுத்து எடுத்த கல்யாணப் படம் பெண் வீட்டாருடையது. ஸ்டூடியோவோடு வேறுமாதிரி ஒப்புக்கொண்டிருந்தால்தான் கதை மாறும்.

“அப்போ அந்த ஸ்டூடியோக்காரர் புகார் கொடுத்ததே தப்பா?” என்று உடனே கேட்டாள்.

“பொறு. பெண் வீட்டில் புக்கிங் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்” என்றேன்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் அந்தக் காகிதத்தை அனுப்பினாள். கீழே பொடி எழுத்தில், ‘படங்களின் பதிப்புரிமை ஸ்டூடியோவுக்கே’ என்று ஒரு வரி. அதற்கடியில் பெண்ணின் அப்பா கையெழுத்து. ஆக, இந்தப் படம் ஸ்டூடியோவுடையதுதான். பெண் வீட்டார் ஆல்பத்தில் வைத்துக்கொள்ளலாம், சொந்தக்காரர்களுக்குக் காட்டலாம். பார்லர் விளம்பரத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. போதாக்குறைக்கு, படத்தின் ஓரத்தில் இருந்த ஸ்டூடியோ பெயரை இவள் வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறாள். அவருக்குக் கோபம் வந்ததே அதில்தான்.

நேரில் போய்ப் பேசச் சொன்னேன். போனாள். அவரும் உள்ளூர்க்காரர், கல்யாண மண்டபங்களில் அடிக்கடி பார்க்கிற முகம். பத்து நிமிடத்தில் முடிந்தது பேச்சு. அவர் வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்ததன் சாரம் இதுதான்: ‘இந்த நான்கு படங்களை உங்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டூடியோ பெயரை வெட்டக் கூடாது. பேனர், நோட்டீஸுக்குப் பயன்படுத்துவதானால் தனியாகக் கேட்க வேண்டும்.’

இப்படி எந்தப் படம், எந்த இடத்தில், எதற்காக என்று மூன்றும் எழுத்தில் இருப்பதுதான் நல்ல அனுமதி. “போட்டுக்கோங்கம்மா” என்று வாயால் சொன்னது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொரு கல்யாணத்தில் இப்படி எந்தக் காகிதமும் போடவில்லை. ஊர்ப் பையன் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அங்கே உரிமை பெண் வீட்டாருக்கு. அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும். எடுத்தவர் பெயரையும் கீழே போடச் சொன்னேன். அது மரியாதை, நாளைக்குச் சச்சரவும் வராது.

இதற்கெல்லாம் சுலபமான வழி, மணப்பெண் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் உங்கள் போனிலேயே நான்கு படம் எடுத்துக்கொள்வது. அது உங்கள் படம். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண் வேலை நேரத்தில் எடுத்தாலும் உரிமை உங்களுக்குத்தான். ஆனால் முகம் வாடிக்கையாளருடையது அல்லவா? ‘என் படத்தை உங்கள் பக்கத்தில் போட எனக்குச் சம்மதம்’ என்று அவரிடமும் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுமி என்றால் பெற்றோரிடம். பிறகு அவர் எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். மலைக்கு மேலே இருக்கும் ஊரில், தன் மகள் படம் எல்லோர் போனிலும் சுற்றுவது பிடிக்காத அப்பா இருக்கலாம். அவர் தயக்கமும் நியாயமானதே.

பேசிக்கொண்டே அவள் பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தேன். ‘ஆடித் தள்ளுபடி’ என்று ஒரு பதிவு. அதில் சிரிப்பவர் ஒரு முன்னணி நடிகை!

“கூகுள்ல எடுத்ததுக்கா. எல்லாரும் போடறாங்களே?”

கூகுள் படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் கண்ணாடி மட்டுமே. தேடினால் கிடைக்கிறது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. நடிகை படத்தில் இரட்டைச் சிக்கல் வேறு. படம் ஒருவருடைய பதிப்புரிமை. முகத்தை வைத்து வியாபாரம் செய்யும் உரிமை அந்த நடிகைக்கு.

சின்ன ஊர்க் கடையை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகரில் ஒரு நகைக்கடை, தனிஷ்க் விளம்பரத்தில் அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் இருந்த படத்தைத் தன் விளம்பரப் பலகையில் வைத்தது. தனிஷ்க்கின் உரிமையாளரான டைட்டன் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2012-ல் வந்த தீர்ப்பில், பதிப்புரிமை மீறல், பிரபலங்களின் விளம்பர உரிமை மீறல் இரண்டும் நடந்திருக்கிறது என்றது நீதிமன்றம். அந்தப் படத்தைப் பயன்படுத்தத் தடையும் விதித்தது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2015-ல், ரஜினிகாந்த் பெயரைத் தலைப்பில் வைத்த ஓர் இந்திப் படத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், அவருடைய பெயர், தோற்றம், பாணி மீது அவருக்குள்ள உரிமையை ஏற்றது.

அடுத்தது பாட்டு.

“பாட்டு இன்ஸ்டாகிராமே கொடுக்குதேக்கா! லிஸ்ட்ல இருந்துதானே எடுத்தேன்?”

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள சினிமாப் பாட்டுகள் வீட்டு விசேஷம், நண்பர்கள், குழந்தையின் பிறந்தநாள் போன்ற சொந்த உபயோகத்துக்கானவை. வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதானால் தனியே உரிமம் வாங்கியிருக்க வேண்டும் என்று மெட்டா நிறுவனத்தின் இசை விதிகளே சொல்கின்றன. அதனால்தான் வியாபாரக் கணக்குகளில் அந்தப் பாட்டுகள் பல கிடைப்பதில்லை. இவள் என்ன செய்தாள் தெரியுமா? பாட்டு வேண்டும் என்பதற்காகவே கணக்கைச் சொந்தக் கணக்காக மாற்றிவைத்திருந்தாள். கணக்கின் பெயர் மாறினாலும், கீழே ‘பிரைடல் பேக்கேஜ், புக்கிங்குக்கு அழைக்கவும்’ என்று இருந்தால் அது விளம்பரம்தான்.

ஒரு சினிமாப் பாட்டுக்குள் பல உரிமைகள் இருக்கின்றன. வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. எது யாருடையது என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே வழக்கு நடக்கிறது. 2024 மே மாதம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டைச் சேர்த்ததற்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். அதே மாதம் அமெரிக்காவில், சமூக ஊடகப் பதிவுகளில் தன் பாட்டுகளைப் பயன்படுத்தியதாக மேரியட் ஓட்டல் நிறுவனத்தின் மீது சோனி மியூசிக் வழக்குப் போட்டது. அந்தப் புகாரும் நம் தங்கை போட்ட மாதிரியான பதிவுகளைப் பற்றியதுதான்.

‘15 நொடி போட்டால் பரவாயில்லை’, ‘பாடகர் பெயரைப் போட்டுவிட்டால் போதும்’ என்பதெல்லாம் காற்றுவாக்கில் வந்த பேச்சு. விளம்பரத்துக்கு அப்படி ஒரு நொடிக் கணக்கு நம் சட்டத்தில் இல்லை. பார்லர் ஸ்பீக்கரில் பாட்டு ஓட, அது வீடியோவில் பதிவானாலும் இதே கதிதான். படம்பிடிக்கும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள்.

சரி, எதைப் போடுவது? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வியாபாரத்துக்கும் பயன்படுத்தும்படி மெட்டாவே Sound Collection என்ற பெயரில் ஆயிரக்கணக்கான இசைத் துணுக்குகளை வைத்திருக்கிறது. அதை எடுத்து வேறு தளத்தில் போடக் கூடாது. யூடியூபுக்கு அதன் Audio Library தனியாக இருக்கிறது; அதில் சில துணுக்குகளுக்கு இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், பக்கத்திலேயே எழுதியிருக்கும். இவள் கண்டுபிடித்த வழி இன்னும் அழகு. கண்ணாடி வளையல் அடுக்கும் சத்தம், மல்லிச்சரம் வைக்கும்போது பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம், இவளே சொல்லும் இரண்டு வரி. அவ்வளவுதான் புது ரீல்ஸின் இசை. பேசியவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் போட்டாள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ‘பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு மூடப்படும், இந்த லிங்க்கைத் தொடவும்’ என்று இன்பாக்ஸில் செய்தி வந்தால் தொடாதீர்கள். பாஸ்வேர்டைப் பிடுங்கும் வேலை அது. உண்மையான புகார், செட்டிங்ஸில் Account Status என்ற இடத்தில் தெரியும். அங்கே இருந்தால் படத்தை எடுத்துவிட்டு, புகார் கொடுத்தவரிடம் பேசுங்கள். உங்களிடம் எழுத்து அனுமதி இருந்தால், அதைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். பணம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தால், பயந்துபோய் உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். கிழித்துப் போடவும் வேண்டாம். மீறல் நிரூபணமானால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தங்கை அன்று இரவே உட்கார்ந்து பழைய பதிவுகளைச் சலித்திருக்கிறாள். யார் எடுத்தது, யார் சம்மதம் தந்தார்கள் என்று சொல்ல முடியாத படங்களையெல்லாம் நீக்கிவிட்டாள். பாதிப் பக்கம் காலியாகிவிட்டதாம்.

“பரவாயில்லக்கா, மிச்சம் இருக்கறதெல்லாம் என்னோடது” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலையில் கல்யாணம். சம்மதக் காகிதத்தை மேக்கப் பெட்டியிலேயே வைத்துவிட்டாளாம்.