முன்னதாகக் கட்டிய வரிக்கு ‘ஒத்திவைக்கப்பட்ட வரி’ என்று பெயர்

2019 செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தின் வழியே நிறுவன வரியைக் குறைத்தது. அடுத்த மாதம் ஆக்சிஸ் வங்கி தன் காலாண்டு முடிவை வெளியிட்டபோது 112 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. நட்டத்துக்குக் காரணம் அந்த வரிக்குறைப்பே. லிங்கராஜபுரத்தில் என்னோடு அமர்ந்து படிக்கும் வணிகவியல் மாணவர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு விடைகளே வருகின்றன. ஒன்று, ‘கணக்கு வித்தை’. மற்றொன்று, ‘ஒத்திவைத்த வரியைக் கட்டியிருப்பார்கள்’. இரண்டும் பிழை. இரண்டாவது பிழைக்கு மாணவர்கள் பொறுப்பல்லர், நாம் அவர்கள் கையில் கொடுத்திருக்கும் சொல்லே பொறுப்பு என்பது என் வாதம்.

ஒரு வங்கிக்கு 1,000 ரூபாய் இலாபம் என்று கொள்வோம். கொடுத்த கடனில் 100 ரூபாய் திரும்பி வருவது ஐயமாகிறது. பங்குதாரருக்கான கணக்கில் அந்த 100 ரூபாயை வாராக்கடன் ஒதுக்கமாக உடனே கழித்துவிட வேண்டும். ஆகவே கணக்கியல் இலாபம் 900. வருமான வரிச் சட்டமோ வேறொரு கேள்வியைக் கேட்கிறது: இந்தச் செலவு இவ்வாண்டே அனுமதிக்கத்தக்கதா? ஒதுக்கத்தில் ஓர் எல்லைவரையே அது கழிக்க விடுகிறது. எஞ்சியதற்குக் கடன் உண்மையில் போக்கெழுதப்படும் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். எளிமைக்காக, நம் 100 ரூபாய் முழுதும் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கொண்டால் வரிக்குரிய இலாபம் 1,000. இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒரே செலவு இரு கணக்குகளில் இரு வேறு ஆண்டுகளில் நுழைகிறது, அவ்வளவே.

அன்றைய 34.94 விழுக்காட்டில், 900 ரூபாய்க்கு உரியதைவிட 34.94 ரூபாய் கூடுதலான வரியை வங்கி இன்றே கட்டிவிடுகிறது. கடனைப் போக்கெழுதும் ஆண்டில் வரிக்குரிய இலாபம் 100 குறையும், வரியும் அதற்கேற்பக் குறையும். அந்த எதிர்காலச் சலுகையைத்தான் இருப்புநிலைக் குறிப்பில் ‘ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து’ என்று எழுதுகிறார்கள். வரியை முன்னதாகவே கட்டியாயிற்று. இதில் எது ஒத்திவைக்கப்பட்டது?

கணினி வாங்கிய நிறுவனத்துக்கு இந்தப் பெயர் பொருந்தும். கணக்கேட்டில் ஆண்டுக்கு 20 விழுக்காடு தேய்மானம் எழுதுகிறது, வரிச் சட்டம் முதலாண்டிலேயே 40 விழுக்காடு தருகிறது. இன்று குறைவாகக் கட்டிப் பின்னர் கூடுதலாகக் கட்டுகிறது. ஒரு பக்கத்துக்குப் பொருந்திய பெயரை மறுபக்கத்துக்கும் ஒட்டிய ஆங்கில வழக்கை நாம் அப்படியே தமிழாக்கிக்கொண்டோம். ‘முன்கூட்டிய வரி’ என்ற சொல்லையும் பயன்படுத்த வழியில்லை, ஆண்டுக்குள் தவணையாகக் கட்டும் வரிக்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. ‘வரிக்கால இடைவெளி’ என்று நான் வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். அழகில்லைதான், ஆனால் பொய் சொல்லவில்லை.

இனி அந்த நட்டம். புதிய விகிதத்தைத் தேர்ந்தால் வரி 25.17 விழுக்காடு. நாளை போக்கெழுதும் 100 ரூபாய் இனி 34.94 ரூபாயை மிச்சப்படுத்தாது, 25.17 ரூபாயையே மிச்சப்படுத்தும். சொத்தாக எழுதிவைத்ததில் 9.77 ரூபாய் கரைந்துவிட்டது. கரைந்ததை இலாப நட்டக் கணக்கில் அந்தக் காலாண்டிலேயே எழுதியாக வேண்டும். ஆக்சிஸ் வங்கியில் அது 2,138 கோடி. அது இல்லையேல் 2,026 கோடி இலாபம் இருந்திருக்கும். தலைகீழாகக் கணக்கிட்டால், வரிச் சட்டம் இன்னும் கழிக்க விடாத செலவுகள் ஏறத்தாழ 22,000 கோடி. அதே காலாண்டில் ஐசிஐசிஐ வங்கிக்கு 2,920 கோடி இவ்வாறு போயிற்று, இலாபம் 655 கோடியாகச் சுருங்கியது. இத்தொகைக்காகப் பணம் எதுவும் வெளியே செல்லவில்லை. இரு வங்கிகளும் வருங்காலத்தில் குறைவான வரியே கட்டும். அந்த நற்செய்திதான் ஏட்டில் நட்டமாகப் பதிவானது.

‘அப்படியானால் இது வெறும் கற்பனைச் சொத்து’ என்போர் நம் துறைகளில் உண்டு. பழைய இயந்திரத்தின் ஏட்டு மதிப்பும் எதிர்காலத்தைப் பற்றிய மதிப்பீடுதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆயினும் இந்த ஐயத்துக்கு இடமுள்ள ஒரு வகை உண்டு: முந்தைய ஆண்டுகளின் நட்டத்தின்மேல் எழுப்பும் வரிச் சொத்து. வணிக நட்டத்தை எட்டு ஆண்டுகளே முன்கொண்டு செல்லலாம். அதற்குள் வரிக்குரிய இலாபம் வராவிட்டால் அந்தச் சொத்து சுழியம். அதனால்தான் இந்தியக் கணக்கியல் தரநிலை 22 சாதாரணக் காலவேறுபாட்டுக்கு நியாயமான உறுதியைக் கேட்கிறது, நட்டத்துக்கோ ஏறத்தாழ முழு உறுதியையும் அதற்கு ஏற்கத்தக்க சான்றையும் கேட்கிறது. அத்தரநிலையே செல்லாது என்ற வழக்கை 2007இல், ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆண்டறிக்கையின் குறிப்புரைகளில் இந்தச் சொத்து எவற்றால் ஆனது என்ற பிரிவு இருக்கும். பெரும்பகுதி வாராக்கடன் ஒதுக்கமா, முன்கொண்டு வந்த நட்டமா என்று அங்கே பாருங்கள். வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோளும் அதுவே: பதிவேட்டுக் குறிப்பு எழுதச் சொல்லும் எட்டு மதிப்பெண் வினாவுக்குப் பதிலாக அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, விகிதம் குறைந்தால் இலாபம் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள்.