க்யூவில் முதல் ஆள், வண்டியில் கடைசி ஆள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிற வேன்களில் ஜன்னல் சீட்டுக்கு யாரும் சண்டை போடுவதில்லை. சண்டையெல்லாம் பாட்டுக்குத்தான். போன் ஒன்று, ரசிகர்கள் ஏழு பேர்.

போன மாதம் எங்கள் ஆபீஸ் வேனில் நடந்தது இது. எங்களோடு வந்த ஒருவருக்குச் சொந்த ஊர் மரக்காணம், அங்கேயே இறங்கிக்கொள்வார். மனிதர் வாயைத் திறந்து எதுவும் கேட்கமாட்டார். கடப்பாக்கம் தாண்டியதும் மெல்ல, "தம்பி, 'தளபதி' பாட்டு ஒண்ணு போட முடியுமா?" என்றார். முன்சீட்டு நண்பர் யூடியூப் மியூசிக்கில் தேடி, மூன்று புள்ளியைத் தொட்டு, Play next அழுத்தினார். உடனே பின்சீட்டிலிருந்து "ரோஜா!" அதற்கும் Play next. "டூயட்!" அதற்கும் அதேதான்.

இங்கேதான் கோளாறு. Play next என்றால் 'இப்போது ஓடுகிற பாட்டுக்கு அடுத்தபடியாக' என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் புதுப்பாட்டு முன்னால் வந்து நிற்கும், முன்பு நின்றது ஒரு படி பின்னால் போகும். ஆக டூயட், ரோஜா, அப்புறம்தான் தளபதி. ரேஷன் கடையில் இப்படி நடந்தால் கைகலப்பே வந்திருக்கும்!

முதல் பாட்டுக்கு மட்டும் Play next கொடுத்துவிட்டு, க்யூ காலியாக இருந்தால் மற்றதற்கு Add to queue கொடுக்கலாம். அது வரிசையின் கடைசியில் போய் நிற்கும். ஏற்கெனவே இருபது பாட்டு காத்திருந்தால் அது உதவாது. அப்போது மூன்றையும் தலைகீழாக, கடைசியில் வரவேண்டியதை முதலில் அழுத்தவேண்டும்.

எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. உப்பளமே தெரிய ஆரம்பித்துவிட்டது. வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், கூடவே ஊர்க்காரர் பையைத் தோளில் மாட்டுகிறார். சட்டென்று க்யூவைத் திறந்து, தளபதி வரியின் ஓரத்தில் இருந்த கோடுகளை விரலால் பிடித்து மேலே இழுத்து விட்டேன். பெயரைப் பிடித்து இழுத்தால் நகராது, தொட்டால் அந்தப் பாட்டே ஓட ஆரம்பித்துவிடும். கோட்டைத்தான் பிடிக்கவேண்டும். முக்கால் பாட்டு கேட்டுவிட்டு இறங்கினார். மீதிக்காக டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டியே நிறுத்திவிட்டார்.

திரும்பும்போது வேறொருவர் போன், ஸ்பாட்டிஃபை. மறுநாள் காலை அவர் வீட்டில் பக்தி ஆல்பம் போட்டிருக்கிறார். முதல் பாட்டு முடிந்ததும் குத்துப்பாட்டு! மாமியார் பூஜையறையிலிருந்து எட்டிப் பார்த்தாராம். ஸ்பாட்டிஃபையில் வரிசை இரண்டு. நாம் சேர்த்தது Next in queue என்ற தலைப்பில் நிற்கும். ஆல்பத்தில் மிச்சமுள்ளது Next from என்பதன் கீழே. ஆல்பத்தை மாற்றினால் கீழ்வரிசைதான் மாறும். மேல்வரிசை விடிய விடியக் காத்திருக்கும். வண்டியை விட்டு இறங்கும்போதே க்யூவைத் திறந்து Clear queue அழுத்தினால் மேல்வரிசை மட்டும் காலியாகும், ஆல்பம் அப்படியே இருக்கும்.

நண்பர் அன்றைக்கே அழுத்திவிட்டார். மாமியார்தான், "அந்த ரெண்டாவது பாட்டு என்ன படம்?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.