எண்ணாமல் சொன்ன எண்

கல்யாண மண்டபமோ தன்முனைப்புக் கருத்தரங்கோ, மைக் கைக்கு வந்ததும் சில பேச்சாளர்களுக்கு ஒரு கணக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது: பெண் ஒரு நாளைக்கு 20,000 வார்த்தை பேசுகிறாள், ஆண் 7,000தான். மண்டபம் சிரிக்கிறது. பினாங்குத் தமிழ் மேடைகள் இந்தச் சரக்கைக் குப்பையில் போட வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது. இது பொய்க்கணக்கு. தெரியாமல் சொல்பவர் அலட்சியக்காரர். தெரிந்தும் சொல்பவர் அவையிலிருக்கும் பெண்கள் மீது அவதூறு பேசுகிறார்.

அமெரிக்க மனநல மருத்துவர் லூவான் பிரிசெண்டைன் 2006-இல் பெண் மூளை பற்றி எழுதிய நூலால் உலகெங்கும் பரவிய கணக்கு இது. பென்சில்வேனியா மொழியியலாளர் மார்க் லிபர்மன் அதன் மூலத்தைத் தேடிப் போனார். சுயமுன்னேற்ற நூல்களில் ஆளுக்கொரு எண் கிடைத்தது. உட்கார்ந்து எண்ணிய ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

எண்ணுவது எப்படி? “நீங்கள் எவ்வளவு பேசுவீர்கள்?” என்று கேட்டால் ஊரில் உலவும் நம்பிக்கைதான் பதிலாக வரும். அதனால் மத்தியாஸ் மேல் என்ற உளவியலாளரின் குழு, உடலோடு எடுத்துச் செல்லும் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பயன்படுத்தியது. 12.5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 நொடி மட்டும் அது பதிவு செய்யும். எப்போது ஓடுகிறது என்று வைத்திருப்பவருக்கே தெரியாது. பதிவுகளை எழுத்தாக்கி, வார்த்தைகளை எண்ணி, விழித்திருக்கும் நேரம் முழுவதற்கும் கணக்கிட்டார்கள். 396 மாணவர்களிடம் நடத்திய இந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பெண்கள் சராசரியாக 16,215 வார்த்தை, ஆண்கள் 15,669. இந்த இடைவெளி பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதே முடிவு.

இதைக் காட்டி “வேறுபாடே இல்லை” என்று முழங்குவோரும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் எல்லாரும் மாணவர்கள். அதனால் அதே முறையில் நான்கு நாடுகளின் 2,197 பேரை, பத்து வயது முதல் முதுமை வரை, சேர்த்துப் பார்த்த ஆய்வு 2025-இல் வந்தது. இளையோரிடமும் முதியோரிடமும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 25 முதல் 64 வயதுக்குள் மட்டும் பெண்கள் நாளுக்கு ஏறத்தாழ 3,000 வார்த்தை கூடுதலாகப் பேசினார்கள். பிள்ளை வளர்ப்பு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள், நிறுவவில்லை. பிறவிக் குணம் என்றால் பதினெட்டு வயதிலும் எழுபதிலும் அது எங்கே போனது? தவிர, ஒரு நாளில் நூறு வார்த்தைகூடப் பேசாதவரும், 1,20,000-ஐத் தாண்டியவரும் அதே ஆய்வில் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் உள்ள இந்தத் தூரத்தின் முன் 3,000 எம்மாத்திரம்? நான்கு நாடுகளில் மலேசியா இல்லை என்பதையும் நினைவில் வைப்போம்.

இவ்விரு ஆய்வுகளும் வீட்டுப் பேச்சையும் சேர்த்து எண்ணியவை. கூட்டங்களில் கதையே வேறு. ஆணும் பெண்ணும் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பார்த்த 63 அமெரிக்க ஆய்வுகளை டெபோரா ஜேம்ஸ், ஜானிஸ் டிராக்கிச் இருவரும் 1993-இல் தொகுத்தார்கள். பெண்கள் அதிகம் பேசியதாகக் கண்டவை இரண்டே இரண்டு. நம் ஆலய ஆண்டுப் பொதுக்கூட்டத்திலோ பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ உட்கார்ந்தவருக்கு இது வியப்பாக இருக்காது.

“பெண் தயங்கித் தயங்கித்தான் பேசுவாள்” என்ற தீர்ப்பும் இப்படித்தான். “ஒருவேளை”, “என்று நினைக்கிறேன்”, “இல்லையா?” போன்ற மெத்தைச் சொற்கள் பெண்மொழியின் அடையாளம் என்றார் ராபின் லேக்காஃப், 1975-இல். வில்லியம் ஓபாரும் போமன் அட்கின்ஸும் வட கரோலினா நீதிமன்றச் சாட்சியங்களைப் பதிவு செய்து இதைச் சோதித்து 1980-இல் எழுதினார்கள். நிபுணராகக் கூண்டேறிய பெண் மருத்துவரிடம் அந்தத் தயக்கம் அரிதாகவே இருந்தது. சமூகத்தில் செல்வாக்கில்லாத ஆண்களிடம் ஏராளமாக இருந்தது. ஆய்வாளர்கள் இருவரும் அதை அதிகாரமற்றோரின் பேச்சு என்றார்கள். இன்னொரு சோதனையில் ஒரே சாட்சியத்தைத் தயக்கத்தோடும் தயக்கமின்றியும் பேசவைத்துக் கேட்கச் செய்தபோது, தயங்கியவரை, ஆணானாலும் பெண்ணானாலும், குறைவாகவே நம்பினார்கள். உண்மை ஒன்றாக இருந்தும் தொனியால் தோற்றவர்கள் அவர்கள்.

ஆகவே குற்றம் பேசுபவர்மீது அல்ல, அவரைப் பேசவிடாமலும் நம்பாமலும் இருக்கும் அவைமீது. பெண்ணை வாயாடி என்று சிரிப்பவர்களும், அவள் செயலவையில் எழுந்தால் “சுருக்கமாகச் சொல்லுங்கம்மா” என்று மறிப்பவர்களும் ஒரே மனிதர்களாக இருப்பது வெட்கக்கேடு. சங்கத் தலைவர்களுக்கு நாம் வைக்கும் கோரிக்கை எளிது. அடுத்த கூட்டத்தில் செயலாளர் கைப்பேசியில் நேரம் பார்த்து, ஆண்கள் எத்தனை நிமிடம், பெண்கள் எத்தனை நிமிடம் பேசினார்கள், யார் பேச்சு எத்தனை முறை இடைமறிக்கப்பட்டது என்று குறித்துக் கூட்டக் குறிப்போடு சேர்க்கட்டும். அதுவரை 20,000 பற்றிய நகைச்சுவையை மேடையில் யாரும் எடுக்க வேண்டாம்.