குழந்தைகளின் கண்: திரை நேரத்தை மட்டும் குறைத்தால் போதுமா?

புது தில்லி: குழந்தைகளின் கையில் செல்பேசி எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கேள்விக்கு இந்தியாவில் ஏற்கெனவே விடை உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலின்படி, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது. 2 முதல் 5 வயது வரை, பெரியவர்களின் மேற்பார்வையில் நாளொன்றுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் கிட்டப்பார்வையைத் தடுப்பதே நோக்கம் எனில், இந்த மணிக்கணக்கு பாதி விடை மட்டுமே. திரை எவ்வளவு தொலைவில் இருந்தது, அதே நாளில் குழந்தை எவ்வளவு நேரம் பகல் வெளிச்சத்தில் இருந்தது என்பவையே மீதிப் பாதி.

தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் தலைநகரின் பள்ளிகளில் 9,884 மாணவர்களைப் பரிசோதித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 13.1 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. தில்லியில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான மற்றோர் ஆய்வில் இந்த விகிதம் 7.4 சதவீதமாக இருந்தது. இரண்டும் வெவ்வேறு முறையில் நடந்தவை என்பதால் நேரடியாக ஒப்பிட இயலாது. எனினும் 2015 ஆய்வு கூறும் மற்றொரு செய்தி முக்கியமானது. நீண்ட நேரப் படிப்பும், தொலைக்காட்சியும், கணினி, செல்பேசி விளையாட்டுகளும் கிட்டப்பார்வையுடன் தொடர்புடையவையாக இருந்தன. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடிய குழந்தைகளிடம் பாதிப்பு குறைவாகக் காணப்பட்டது.

இதன் காரணம் கண்ணின் வளர்ச்சியில் உள்ளது. பிறக்கும்போது ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுள்ள விழிக்கோளம், வளர்ந்தபின் 23 முதல் 24 மில்லிமீட்டரை எட்டுகிறது. இந்த வளர்ச்சி உரிய அளவில் நிற்காமல் நீண்டுகொண்டே சென்றால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழுகிறது. அதுவே கிட்டப்பார்வை. கூடுதலாக ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் கண்ணாடியின் பவர் இரண்டரை முதல் மூன்று டையாப்டர் வரை மாறிவிடும். நீண்ட கண் மீண்டும் சுருங்குவதில்லை. பவர் மைனஸ் 6-ஐத் தாண்டினால், பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் போன்றவற்றின் அபாயம் கூடுகிறது. எனவே கண்ணாடி அணிவதோடு முடிந்துவிடும் பிரச்சினை அல்ல இது.

பகல் வெளிச்சம் இந்த நீட்சிக்குத் தடையாக இருக்கிறது. பிரகாசமான ஒளியில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளை அதிகம் சுரப்பதும், அது விழிக்கோளத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதும் காரணம் எனக் கருதப்படுகிறது. வகுப்பறையின் வெளிச்சம் பொதுவாகச் சில நூறு லக்ஸ் அளவிலேயே இருக்கும். வெளியில் மரநிழலில்கூட அது பல ஆயிரம் லக்ஸ். ஆகவே கொளுத்தும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை, நிழலே போதும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்த சோதனை இதற்குச் சான்று. அங்கு முதல் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குப் பள்ளி நாள்களில் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதலாக அளிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 39.5 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது. இந்தப் பலன் புதிதாக வருவதைத் தடுப்பதில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஏற்கெனவே வந்துவிட்ட குறைபாடு கூடுவதை வெளிவிளையாட்டு மட்டுமே நிறுத்திவிடும் என்று சொல்ல இயலாது.

அடுத்தது தொலைவு. 20 சென்டிமீட்டரில் பிடித்த செல்பேசியைத் தெளிவாகப் பார்க்கக் கண் 5 டையாப்டர் அளவுக்குக் குவிய வேண்டும். அதையே 40 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் இந்தச் சுமை பாதியாகிறது. இரண்டரை மீட்டர் தொலைவிலுள்ள தொலைக்காட்சிக்கு 0.4 டையாப்டர் போதும். ஒரே பாடக் காணொலியை ஒரு மணி நேரம் பார்த்தாலும் கண்ணின் உழைப்பு ஒன்றல்ல. புத்தகத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். முகத்தோடு ஒட்டிப் படிக்கும் கதைப் புத்தகம், தள்ளிவைத்த திரையைவிடக் கண்ணுக்குச் சுமையானது.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் 10 வயதுச் சிறுவன் ஒருவனின் நாளைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். வீட்டுப்பாடக் காணொலி ஒரு மணி நேரம், செல்பேசி விளையாட்டு ஒரு மணி நேரம், தொலைக்காட்சி ஒரு மணி நேரம் என அவனுடைய திரை நேரம் மூன்று மணி நேரம். காணொலியைத் தொலைக்காட்சித் திரைக்கு மாற்றி, விளையாட்டை அரை மணி நேரமாகவும் பொழுதுபோக்கு நிகழ்ச்சியை இருபது நிமிடமாகவும் குறைத்தால், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். செல்பேசி கண்ணுக்கு அருகில் இருப்பதோ அரை மணி நேரமே. பள்ளி இடைவேளையை மைதானத்தில் கழித்தால் 30 நிமிடம், நடந்து சென்று திரும்ப 20 நிமிடம், மாலை இருட்டும் முன் விளையாட 45 நிமிடம் என 95 நிமிட வெளிச்சம் சேரும். சனி, ஞாயிறு தலா மூன்று மணி நேரம் வெளியில் இருந்தால், வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம், அதாவது நாளொன்றுக்குச் சராசரி இரண்டு மணி நேரம் கிடைத்துவிடும். இந்தக் கணக்கைக் கெடுப்பவை இரண்டு: இடைவேளையிலும் வகுப்பறைக்குள் அமர வைப்பது, மாலை வெளிச்சம் முழுவதையும் தனிப்பயிற்சி எடுத்துக்கொள்வது.

தலைநகரில் மூன்றாவது தடையும் உண்டு. 2024 நவம்பரில் காற்று மாசு கடுமையானபோது தில்லியில் பள்ளிகள் இணைய வகுப்புக்கு மாறின. அத்தகைய நாள்களில் குழந்தை வெளிச்சத்தையும் இழக்கிறது, திரைக்கும் தள்ளப்படுகிறது. நஞ்சான காற்றில் விளையாட அனுப்புவது தீர்வாகாது. கொரோனா காலத்தில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது. மாசு நாள்களுக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம். வகுப்பைச் செல்பேசிக்குப் பதில் பெரிய திரையில், ஜன்னலோரம் அமர்ந்து பார்ப்பது சுமையைக் குறைக்கும். இழந்த வெளிச்சத்தைக் காற்று தெளிந்த மாதங்களில் ஈடுகட்ட வேண்டும்.

கிட்டப்பார்வை வந்துவிட்டதைக் குழந்தை தானாகச் சொல்வது அரிது. மங்கலாகத் தெரிவதே இயல்பு என்று அது எண்ணிக்கொள்ளும். தொலைக்காட்சியை நெருங்கி அமர்தல், கண்ணை இடுக்கிப் பார்த்தல், கரும்பலகைக்குப் பதில் அருகிலிருப்பவரின் நோட்டைப் பார்த்து எழுதுதல் ஆகியவை அறிகுறிகள். ஒரு கண்ணை மூடி, சுவரிலுள்ள நாள்காட்டியை மூன்று மீட்டர் தொலைவிலிருந்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம். இரு கண்களுக்கும் வேறுபாடு தெரிந்தால் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தையின் கண் எளிதில் குவிந்து, இல்லாத மைனஸ் பவரைக் காட்டக்கூடும். ஆகவே சொட்டு மருந்து விட்டுச் செய்யும் பரிசோதனையே நம்பகமானது. பவர் உறுதியானால் கண்ணாடியை முழு அளவில் அணிவிக்க வேண்டும். குறைந்த பவர் கொடுத்தால் கண் தேறும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.